மல்டிப்ளையர் பிளாக்கில் 31 டேப் சிமெட்ரிக் எஃப்ஐஆர்: ஸ்டாப்பேண்ட் ஏன் −13.6 டெசிபலிலேயே நிற்கிறது?

கடைசிபெஞ்ச்

வணக்கம். மூன்று நாளாக ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறேன், கண்ணுக்கு எதுவும் தட்டுப்படவில்லை.

ஆர்ட்டிக்ஸ்-7 போர்டு, சிப் XC7A35T. 50 மெகாஹெர்ட்ஸ் க்ளாக்கில் ஒவ்வொரு க்ளாக்குக்கும் ஒரு சாம்பிள் வருகிறது, 16 பிட், சைன்ட். லோ-பாஸ் ஃபில்டர் வேண்டும். கட்-ஆஃப் 5.25 மெகாஹெர்ட்ஸ், 8.5-க்கு மேலே 60 டெசிபல் குறைய வேண்டும். கெழுக்களைப் பைத்தானில் இப்படி எடுத்தேன்:

```python
h = firwin(31, 0.21, window=('kaiser', 5.65), scale=False)
c = np.round(h * 2**15).astype(int)
```

முழு எண்ணாக்கிய `c`-ஐயே திரும்ப வரைந்து பார்த்தேன், 60 டெசிபல் அழகாக வருகிறது. கெழுக்கள் இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பதால் 31 பெருக்கிக்குப் பதில் 16 போதும் என்று DSP48E1-இன் ப்ரீ-ஆடரைப் பயன்படுத்தி எழுதினேன். முக்கியமான பகுதி மட்டும்:

```verilog
assign xm = dl[30];
for (k = 0; k < 16; k = k + 1) begin : tap
  always @(posedge clk) begin
    ad[k]  <= dl[2*k] + xm;
    m[k]   <= ad[k] * C[k];
    p[k+1] <= p[k] + m[k];
  end
end
assign y = p[16] >>> 15;
```

`dl` என்பது சாதாரண டிலே லைன். `dl[0]` இப்போது வந்த சாம்பிள், `dl[30]` முப்பது க்ளாக் பழையது. `p[0]` சுழி.

சிமுலேஷனில் 10000 ஆம்ப்ளிட்யூட் சைன் கொடுத்தால், 1 மெகாஹெர்ட்ஸில் வெளியே ஏறக்குறைய 12100 வருகிறது. 12 மெகாஹெர்ட்ஸில் 2100. 15-லும் 2100. 20-லும் 2100! வடிகட்டவே இல்லை, ஏதோ ஒரு அளவில் பிடிவாதமாக நிற்கிறது. எங்கே தப்பு?

---

பிட்பொறுக்கி

இது குவாண்டைசேஷன்தான் ப்ரோ. 16 பிட் கெழு போதாது. DSP48E1-இன் பெருக்கி 25 × 18. நீங்கள் 18 பிட் இருக்கும் இடத்தில் 16 மட்டும் வைத்து 2 பிட்டை வீணடிக்கிறீர்கள். ஸ்டாப்பேண்ட் ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்காமல் தரை தட்டி நிற்பது கெழுவில் துல்லியம் பற்றாததற்கு அடையாளம். 18 பிட்டுக்கு மாற்றிப் பாருங்கள், இறங்கிவிடும்.

---

தஞ்சை ரேடியோ

ஒரு ஃபில்டருக்கு எதற்குப் பதினாறு பெருக்கி? என் ஹாம் ரேடியோ ரிசீவரில் 127 டேப், ஒரே ஒரு டிஎஸ்பி ஸ்லைஸில் ஓடுகிறது. கெழுக்களைப் பிளாக் ராமில் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்துப் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போனால் முடிந்தது. இந்த வரிசையெல்லாம் இல்லாததால் தப்பு நுழையவும் இடமில்லை. தம்பி முதலில் அதை முயன்று பார்க்கலாமே.

---

கடைசிபெஞ்ச்

@தஞ்சை ரேடியோ, உங்கள் சாம்பிள் ரேட் எவ்வளவு சார்? எனக்கு க்ளாக்கும் 50, சாம்பிளும் 50. ஒரு சாம்பிளுக்குக் கிடைப்பது ஒரே ஒரு க்ளாக்.

@பிட்பொறுக்கி, 18 பிட்டாக்கிவிட்டேன், `2**17`-ஆல் பெருக்கி, வெளியே 17 ஷிஃப்ட். 12 மெகாஹெர்ட்ஸில் இப்போதும் 2100. கடைசி இலக்கம்கூட அசையவில்லை.

---

தஞ்சை ரேடியோ

ஓ, என்னுடையது 48 கிலோஹெர்ட்ஸ் ஆடியோ தம்பி. ஒரு சாம்பிளுக்கு ஆயிரக்கணக்கில் க்ளாக் கிடைக்கும். கேள்வியைச் சரியாகப் படிக்காமல் எழுதிவிட்டேன். தொடருங்கள்.

---

பழைய சாலிடர்

தம்பி, இது குவாண்டைசேஷனாக இருக்கவே முடியாது. ஏன் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் அடுத்த முறை மூன்று நாள் மிச்சமாகும்.

கெழுவை முழு எண்ணாக்கும்போது ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் அரைப்படி பிழை வரும். உங்கள் படி 2⁻¹⁵. 31 கெழுக்களின் பிழையும் ஒரே திசையில் சதி செய்து கூடினால்கூட 31 × 2⁻¹⁶, அதாவது 0.00047. டெசிபலில் −66. அப்படிச் சதி செய்வது அபூர்வம். பிழைகள் தாறுமாறாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டால் √(31/12) × 2⁻¹⁵, கிட்டத்தட்ட −86 டெசிபல். ஆக 16 பிட் கெழுவால் உங்கள் 60 டெசிபலுக்கு ஆபத்தே இல்லை. பைத்தானில் `c`-ஐ வரைந்து பார்த்தபோது அது நன்றாக வந்ததும் இதையேதான் சொல்கிறது. உங்களிடம் இருப்பதோ −13.6 டெசிபல். ஐம்பது டெசிபல் வித்தியாசத்தை ரவுண்டிங் மேல் பழி போட முடியாது.

இப்போது அந்த 2100-ஐ வேறு விதமாகப் பாருங்கள். 12, 15, 20 எல்லாவற்றிலும் ஒரே அளவு. குவாண்டைசேஷன் பிழை அப்படி இருக்காது, மேடும் பள்ளமுமாக அலையும். எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே அளவாக ஒன்று கூடுகிறது என்றால், நேரத்தில் பார்க்கும்போது அது ஒற்றை இம்பல்ஸ். அதாவது ஏதோ ஒரே ஒரு டேப்பில் 0.21 கூடுதலாக ஏறியிருக்கிறது. பாஸ்பேண்டில் 1 வரவேண்டிய இடத்தில் 1.21 வருவதும் அதே 0.21. இரண்டும் ஒத்துப்போகின்றன.

உங்கள் கெழுக்களில் எது 0.21? அதைச் சொல்லுங்கள். கூடவே இம்பல்ஸ் டெஸ்ட்டும் போடுங்கள். ஒரே ஒரு சாம்பிள் 1, மற்றதெல்லாம் 0.

---

கடைசிபெஞ்ச்

இம்பல்ஸ் டெஸ்ட் முதல் நாளே போட்டேன் அண்ணா. 1 கொடுத்தால் `y` முழுக்க 0, நடுநடுவே சில இடங்களில் −1. அதில் ஒன்றும் புரியாமல்தான் சைனுக்குப் போனேன்.

---

பழைய சாலிடர்

அது ஃபில்டரின் குற்றம் இல்லை, நீங்கள் பார்த்த இடம் தப்பு. 15 பிட் ஷிஃப்ட் செய்த பிறகு பார்த்தால் 6000 சொச்சம் எண்ணெல்லாம் 0 ஆகிவிடும். நெகட்டிவ் எண்ணை `>>>` கீழ்ப்பக்கமாகத் தள்ளும், அதனால் நெகட்டிவ் கெழு எல்லாம் −1. அந்த −1 எங்கெங்கே வந்தது என்று பார்த்தால் கெழு நெகட்டிவாக இருக்கும் இடங்கள்தான். பின்னால் இதற்கு வருவோம்.

`y`-ஐ விடுங்கள். `p[16]`-ஐ அப்படியே பிரிண்ட் செய்யுங்கள். 1 கொடுத்தால் 31 கெழுவும் ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் வரவேண்டும்.

---

கடைசிபெஞ்ச்

பழையபடி 16 பிட் கெழுவோடு ஓட்டினேன். நடுப்பகுதி இது:

```
4826  6320  13762  6320  4826
```

பைத்தான் பட்டியலில் நடு எண் 6881. இங்கே அப்படியே இரண்டு மடங்கு! 6881-ஐ 32768-ஆல் வகுத்தால் 0.21. ஐயோ.

ஆனால் எப்படி இரண்டு மடங்கானது? நடு கெழுவை `C[15]`-இல் ஒரு தடவைதானே வைத்திருக்கிறேன்?

---

பழைய சாலிடர்

கெழுவை ஒரு தடவைதான் வைத்தீர்கள். சாம்பிளை இரண்டு தடவை கூட்டினீர்கள்.

உங்கள் வரிசையை நானும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். அமைப்பு சரியானதுதான். ஒவ்வொரு ஸ்லைஸிலிருந்தும் அடுத்ததுக்குக் கூட்டுத்தொகை போக ஒரு க்ளாக் ஆகிறது. அதனால் k-ஆவது ஸ்லைஸ் k க்ளாக் தாமதமாக வேலை செய்கிறது. அதற்கு வேண்டிய முன்பக்க சாம்பிள் `dl[k]` இல்லை, `dl[2*k]`. கண்ணாடி போல எதிர்ப்பக்கம் இருக்கும் சாம்பிளுக்குத் தாமதம் 30 − k. அதோடு ஸ்லைஸின் தாமதம் k-ஐக் கூட்டினால் எப்போதும் 30. அதனால்தான் `dl[30]` ஒன்றையே பதினாறு ஸ்லைஸுக்கும் பகிர்ந்துகொடுக்க முடிகிறது. இந்த அமைப்பில் எனக்குப் பிடித்ததே அந்த இடம்தான். பின்னோக்கி ஓடும் இன்னொரு டிலே லைன் தேவையே இல்லை.

இப்போது k = 15 போடுங்கள். `dl[2*15]` என்பது `dl[30]`. `xm` என்பதும் `dl[30]`. நடு சாம்பிளுக்கு ஜோடி கிடையாது, அதுவே அதற்குக் கண்ணாடி. உங்கள் லூப் அதை அதனோடேயே கூட்டி 2x ஆக்கிவிட்டது. டேப் எண்ணிக்கை 32 என்று இரட்டைப்படையாக இருந்திருந்தால் எல்லாருக்கும் ஜோடி இருந்திருக்கும், இந்தப் பிரச்சனையே வந்திருக்காது. ஒற்றைப்படைக்கு எழுதும்போது இந்தக் குழியில் நானும் விழுந்திருக்கிறேன்.

வழி சுலபம். கடைசி ஸ்லைஸில் மட்டும் `xm`-ஐக் கூட்டாதீர்கள்:

```verilog
ad[k] <= dl[2*k] + ((k == 15) ? 16'sd0 : xm);
```

அந்த `sd`-இல் இருக்கும் s-ஐ விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் வரி முழுவதும் அன்சைன்டாக மாறி வேறொரு நாடகம் ஆரம்பிக்கும்.

---

பிட்பொறுக்கி

சரி, குவாண்டைசேஷன் என்று சொன்னது தப்பு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதற்கு இன்னும் சுலபமான வழி இருக்கிறதே. ஹார்டுவேரைத் தொடவே வேண்டாம். நடு கெழுவைப் பாதியாக்கி வைத்துவிட்டால் 2x × c/2, கணக்குச் சரியாகிவிடும். பதினாறு ஸ்லைஸும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். கெழுவை ஓடும்போது மாற்ற வேண்டியிருந்தாலும் வசதி.

---

பழைய சாலிடர்

அதுவும் நடக்கும், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஒரே ஒரு உறுத்தல். 6881 ஒற்றைப்படை. பாதி 3440.5. 3440 வைத்தால் உண்மையில் 6880 வைத்த மாதிரி. ஒரு படி குறையும், −90 டெசிபல் அளவுக்குத் தட்டையான பிழை. இந்த 60 டெசிபல் ஃபில்டரில் யாருக்கும் தெரியப்போவதில்லை. 90 கேட்கும் ஃபில்டரில் தெரியும். லோ-பாஸில் நடு கெழுதான் எல்லாவற்றிலும் பெரியது, அதையே அரைகுறையாக வைப்பதில் எனக்கு இஷ்டம் இல்லை.

---

பிட்பொறுக்கி

18 பிட்டுக்குப் போனால் அந்த உறுத்தல் இருக்காதே? `2**19`-ஆல் பெருக்கினால் நடு கெழு 110100. இரட்டைப்படை. பாதி 55050, சுத்தமாக வருகிறது.

---

பழைய சாலிடர்

இந்த எண்ணுக்கு அதிர்ஷ்டம். அடுத்த ஃபில்டரில் ஒற்றைப்படையாக வரும். ஆனால் நீங்கள் `2**19` என்று எழுதியதைக் கவனித்தேன். நீங்கள் ஆரம்பத்தில் சொன்ன 18 பிட் விஷயத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

கடைசிபெஞ்ச் தம்பி 18 பிட்டாக்கியபோது `2**17`-ஆல் பெருக்கினார். 18 பிட் சைன்டில் 131071 வரை இடம் இருக்கிறது. அவருடைய மிகப்பெரிய கெழு 0.21, அதை 2¹⁷-ஆல் பெருக்கினால் 27525. கொடுத்த இடத்தில் மேல் இரண்டு பிட் காலியாகவே கிடக்கிறது. கட்-ஆஃப் எவ்வளவு கீழே போகிறதோ, நடு கெழு அவ்வளவு சின்னதாகும், அவ்வளவு பிட் காலியாகக் கிடக்கும். எனவே 1.17 என்று பெயருக்கு ஒரு வடிவத்தைப் பிடித்துக்கொண்டு தொங்காமல், மிகப்பெரிய கெழு எல்லையைத் தாண்டாத வரைக்கும் இரண்டின் அடுக்கால் ஏற்றிக்கொண்டே போகலாம். இங்கே 2¹⁹ வரை போகலாம். 2²⁰-இல் 220000 சொச்சம், தாண்டிவிடும். கடைசியில் 15-க்குப் பதில் 19 ஷிஃப்ட், அவ்வளவுதான்.

2¹⁵-இலிருந்து 2¹⁹ என்றால் படி பதினாறு மடங்கு சின்னது, 24 டெசிபல் லாபம். ஸ்லைஸின் B நுழைவு எப்படியும் 18 பிட் அகலம், அதனால் இதற்கு ஒரு பைசா கூடுதல் செலவு கிடையாது. ப்ரீ-ஆடர் இருப்பது A, D பக்கத்தில். ஆகவே சாம்பிள் அந்தப் பக்கம், கெழு B பக்கம். இதை மாற்றி வைக்க முடியாது.

இந்த ஃபில்டருக்கு அது தேவையா என்றால் தேவையில்லை. சும்மா கிடைப்பதை ஏன் விட வேண்டும் என்றுதான்.

---

சிலிக்கான் சித்தப்பா

தலைப்பைப் பார்த்து ஓடி வந்தேன். நானும் ஒரு காலத்தில் எஃப்ஐஆர் ஃபில்டரைச் சிப்பாக வார்க்கும் வேலையில் இருந்தவன். எங்கள் ஊரில் மல்டிப்ளையர் பிளாக் என்றால் அர்த்தமே வேறு. 1995-இல் டெம்ப்ஸ்டரும் மெக்லியாடும் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த பெயர். அங்கே பெருக்கியே கிடையாது! ஒரே சாம்பிளை எல்லாக் கெழுக்களாலும் பெருக்க வேண்டும் என்றால், ஷிஃப்டும் கூட்டலும் மட்டும் வைத்து, நடுவில் வரும் தொகைகளைப் பகிர்ந்துகொண்டு மொத்தமாகச் செய்துவிடலாம். உதாரணத்துக்குத் தம்பியின் 6881:

```
6881 = 8192 - 1024 - 256 - 32 + 1
```

நாலு கூட்டல் கழித்தல். ஷிஃப்ட் வெறும் கம்பி இழுப்பது, அதற்குச் செலவில்லை. மற்ற கெழுக்களுக்கும் இதில் வரும் துண்டுகளையே திரும்பப் பயன்படுத்தினால் சராசரி இன்னும் இறங்கும். டிஎஸ்பி ஸ்லைஸ் ஒன்றுகூட வேண்டாம். ஏன் யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை?

---

பழைய சாலிடர்

சித்தப்பா, அவர் கேட்டது சிலிக்கானில் ஏற்கெனவே வார்த்துவைத்திருக்கும் பெருக்கியைப் பற்றி. XC7A35T-இல் அப்படி 90 இருக்கிறது, அவருக்கு வேண்டியது 16. லட்-களைச் செலவழித்து அதை மிச்சப்படுத்தி என்ன செய்ய? எட்டே எட்டுப் பெருக்கி இருக்கும் iCE40 UP5K மாதிரி ஒரு குட்டிச் சிப் என்றால் உங்கள் வழிதான் பேச வேண்டியது.

ஆனால் நீங்கள் சொன்னதில் ஒரு சுவாரசியம் உண்டு. உங்கள் முறையில் ஃபில்டர் டிரான்ஸ்போஸ்டு வடிவத்தில் இருக்கும், சாம்பிள் எல்லாக் கெழுக்களுக்கும் ஒரே நேரத்தில் போகும். அங்கே சிமெட்ரியைப் பயன்படுத்த ப்ரீ-ஆடரே வேண்டாம். h[0] × x என்ற ஒரே பெருக்குத்தொகையை வரிசையின் தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டு இடத்தில் கூட்டினால் போதும். நடு கெழுவுக்கு ஒரே இடம், எனவே தம்பி விழுந்த குழியும் அங்கே கிடையாது.

அதே தந்திரத்தை DSP48E1-இல் செய்ய முடியாமல் போவதற்குக் காரணம், பெருக்கியும் அதன் கூட்டியும் ஒரே ஸ்லைஸுக்குள் ஒட்டிக்கொண்டிருப்பது. பெருக்குத்தொகையை மட்டும் தனியாக வெளியே எடுத்து இரண்டு கூட்டிக்குக் கொடுக்கப் போனால், கூட்டல் வரிசை முழுவதும் ஸ்லைஸை விட்டு வெளியே லட்-களுக்கு வந்துவிடும்.

---

சிலிக்கான் சித்தப்பா

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெயர் எங்களுடையது. விட்டுக்கொடுக்க மாட்டேன்.

---

கடைசிபெஞ்ச்

அண்ணா, நடு டேப்பைத் திருத்தினேன். இம்பல்ஸில் 6881 வருகிறது. 12 மெகாஹெர்ட்ஸில் 2100 இருந்தது இப்போது 10-க்கும் கீழே. நன்றி நன்றி!

நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தபோது ஆம்ப்ளிட்யூடை 30000-க்கு ஏற்றினேன். 1 மெகாஹெர்ட்ஸ் சைன், பாஸ்பேண்டுக்கு நடுவில். சைனின் உச்சி வரவேண்டிய இடத்தில் அலை உள்பக்கமாக மடங்கிக் கிழிந்துபோய் நிற்கிறது. சரிவுகளில் அழகாக இருக்கிறது. ஆம்ப்ளிட்யூட் 10000-இல் இது இல்லவே இல்லை. `p` 48 பிட், அது நிரம்ப வாய்ப்பே இல்லை. சரிதானே?

---

பழைய சாலிடர்

`ad`-ஐ எத்தனை பிட் என்று அறிவித்தீர்கள்?

---

கடைசிபெஞ்ச்

`reg signed [15:0] ad [0:15];`

…

புரிந்துவிட்டது. எழுதும்போதே புரிந்துவிட்டது.

---

பழைய சாலிடர்

30000-உம் 30000-உம் கூட்டினால் 60000. 16 பிட் சைன்டில் அது −5536. 1 மெகாஹெர்ட்ஸ் என்றால் 50 சாம்பிளுக்கு ஓர் அலை, ஃபில்டரின் 31 டேப்புக்குள் ஜோடி சாம்பிள்கள் பலவும் ஒரே நேரத்தில் உச்சிப் பக்கம் இருக்கும். அதனால்தான் உச்சியில் மட்டும் கிழிகிறது. 10000-இல் கூட்டினால் 20000, அடங்கிவிட்டது, நீங்கள் பார்க்கவில்லை. 17 பிட்டாக்குங்கள். இடதுபக்கம் 17 இருந்தால் வெரிலாக் கூட்டலையும் 17 பிட்டிலேயே செய்யும்.

ஸ்லைஸின் ப்ரீ-ஆடர் 25 பிட். ஆனால் நிரம்பினால் அதுவும் எச்சரிக்கை தராமல் சுற்றிவிடும். எனவே சாம்பிள் 24 பிட்டைத் தாண்டக்கூடாது. 16-இல் இருப்பவருக்கு அந்தக் கவலை இல்லை.

48 பிட் பற்றி நீங்கள் சொன்னது சரி. 17 பிட்டும் 18 பிட்டும் பெருக்கினால் 35, பதினாறு தொகைகள் கூட இன்னும் 4. மொத்தம் 39. நிறையவே இடம் மிச்சம். `p` நிரம்பாது. ஆனால் அதிலிருந்து 16 பிட் `y` எடுக்கும் இடத்தில் நிரம்பலாம். கெழுக்களின் கூட்டுத்தொகை 1-தான் என்றாலும், குறிகளை நீக்கிவிட்டுக் கூட்டினால் 1-ஐத் தாண்டும். சதுர அலை மாதிரி ஏதாவது முழு அளவில் வந்தால் ஓரங்களில் மேலெழும்பும். எனவே அங்கே மட்டும் சாச்சுரேஷன் வையுங்கள். தரவு மடங்கி எதிர்ப்பக்கம் போவதைவிட உச்சியில் தட்டி நிற்பது மேல்.

---

நிலைமாற்றி

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும், என் கேஸும் கிட்டத்தட்ட இதே. ப்ரீ-ஆடர், பெருக்கி எல்லாம் எழுதியிருந்தேன், சிமுலேஷன் சரி. விவாடோவில் சிந்தசிஸ் முடிந்ததும் பார்த்தால் டிஎஸ்பி எண்ணிக்கை சரியாக இருக்கிறது, ஆனால் ஃபிளிப்-ஃப்ளாப்பும் லட்-உம் நூற்றுக்கணக்கில் ஏறியிருந்தன. ப்ரீ-ஆடரை ஸ்லைஸுக்குள் எடுக்காமல் வெளியே கட்டியிருந்தது. ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, அலுவலகத்தில் எல்லாரும் எழுதும் பழக்கத்தில் `always @(posedge clk or negedge rst_n)` என்று எழுதியிருந்தேன். DSP48E1-க்குள் இருக்கும் ரெஜிஸ்டர்களுக்கு க்ளாக்கோடு சேர்ந்த ரீசெட் மட்டும்தான் உண்டு. அசின்க்ரனஸ் ரீசெட் போட்ட ரெஜிஸ்டரை விவாடோ உள்ளே எடுக்கவே எடுக்காது. அதை நீக்கியதும் எல்லாம் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டன.

கடைசிபெஞ்ச் ரீசெட்டே போடாமல் எழுதியிருக்கிறார், நல்லது. அப்படியே விடுங்கள். ஏறக்குறைய ஐம்பது க்ளாக்கில் பழைய குப்பை தானாகவே வெளியேறிவிடும்.

---

கடைசிபெஞ்ச்

17 பிட்டாக்கினேன். 30000-இல் அலை முழுசாக வருகிறது. ரிப்போர்ட்டில் 16 டிஎஸ்பி, அதில் 15-இல் ப்ரீ-ஆடர், ஒன்றில் இல்லை. 18 பிட் கெழு, 19 ஷிஃப்ட்டுக்கும் மாற்றிவிட்டேன்.

அந்த −1 விஷயத்துக்குப் பின்னால் வருவோம் என்றீர்களே அண்ணா?

---

பழைய சாலிடர்

ஆமாம். `>>>` எப்போதும் கீழ்ப்பக்கமாகவே வெட்டுகிறது. அதனால் வெளியே வரும் ஒவ்வொரு சாம்பிளும் சராசரியாக அரை எல்எஸ்பி கீழே இருக்கும். சிக்னல் ரொம்பச் சின்னதாக இருக்கும் இடத்திலும் ஒரு சின்ன டிசி. ஒரு ஃபில்டரில் பெரிதாகத் தெரியாது. நாலைந்து ஃபில்டரை அடுத்தடுத்து வைத்து, கடைசியில் டிசியைப் பார்த்து முடிவெடுக்கும் சர்க்யூட் இருந்தால் வந்து கடிக்கும்.

வெட்டும் முன் பாதியைக் கூட்டினால் போதும். அதற்குத் தனியாகக் கூட்டி தேவையில்லை, உங்கள் வரிசையின் தொடக்கத்தில் `p[0]` சும்மா சுழியாக உட்கார்ந்திருக்கிறது. அங்கே 2¹⁸ போட்டுவிடுங்கள்:

```verilog
assign p[0] = 48'sd262144;  // 19 பிட் ஷிஃப்ட்டில் பாதி
```

முதல் ஸ்லைஸின் C நுழைவு யாரும் பயன்படுத்தாமல் கிடக்கிறது, இந்த எண் அங்கே போய்விடும். `p`-ஐ ரெஜிஸ்டர் வரிசையாக அறிவித்திருந்தால் `p[0]`-க்கு `assign` எழுத விடாது, முதல் ஸ்லைஸுக்கு மட்டும் தனி வரி எழுத வேண்டியிருக்கும். இம்பல்ஸ் டெஸ்ட் பார்க்கும்போது மட்டும் இதை மறந்துவிடாதீர்கள். எல்லாக் கெழுவிலும் 262144 ஏறி நிற்கும், பயந்துபோவீர்கள்.

---

பிட்பொறுக்கி

நடு கெழுவைப் பாதியாக்குவதுதான் சுலபம் என்று இப்போதும் சொல்வேன். ஓடும்போது கெழுவை மாற்றும் டிசைனில், நடு ஸ்லைஸ் மட்டும் தனி ஜாதியாக இருந்தால், நாளை 32 டேப் கெழு ஏற்றும்போது அந்த `k == 15` யாருக்கு ஞாபகம் இருக்கும்?

---

பழைய சாலிடர்

32 டேப் என்றால் `dl[30]`-உம் `dl[31]` ஆக வேண்டும். எப்படியும் கை வைத்தாக வேண்டிய இடம். ஆனால் ஏற்கிறேன், ஓடும்போது மாற்றும் கெழு என்றால் உங்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. நான் என் வழியிலேயே போகிறேன்.

---

தஞ்சை ரேடியோ

ஒரு சந்தேகம். 50 மெகாஹெர்ட்ஸ் சாம்பிளுக்கு ஸ்லைஸை 200 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினால் ஒரு சாம்பிளுக்கு நாலு பெருக்கல் கிடைக்கும். 16-ஐ 4 ஸ்லைஸில் முடிக்கலாம் இல்லையா?

---

பழைய சாலிடர்

முடிக்கலாம் சார். கெழுவைச் சுழற்றுவதற்கும் கூட்டுத்தொகையைச் சேர்த்து வைப்பதற்கும் கட்டுப்பாடு எழுத வேண்டும், இரண்டு க்ளாக்குக்கு நடுவே தரவைக் கடத்த வேண்டும். 90-இல் 16 போனால் வலிக்காத இடத்தில் நான் அந்த வேலைக்குப் போக மாட்டேன். இதே மாதிரி எட்டு சானல் என்றால் 128 ஸ்லைஸ் வேண்டும், சிப்பில் இருப்பது 90. அப்போது நீங்கள் சொன்னதுதான் வழி.

---

கடைசிபெஞ்ச்

இன்று போர்டில் ஏற்றினேன். சிக்னல் ஜெனரேட்டர், ஏடிசி, ஃபில்டர், வெளியே வருவதை சிப்புக்குள்ளேயே சேமித்துக் கம்ப்யூட்டருக்கு எடுத்தேன். பாஸ்பேண்ட் சரி. ஆனால் 12 மெகாஹெர்ட்ஸில் −60-க்குக் கீழே போகாமல் −54-இல் நிற்கிறது. சிமுலேஷனில் இதே 12-இல் −60-ஐத் தாண்டிப் போகிறது. கெழுக்கள் அதே, பிட் ஃபைலும் இப்போது எடுத்ததுதான். மறுபடியும் ஏதாவது டேப்பா?

---

பழைய சாலிடர்

12-இல் மட்டுமா, மற்ற இடங்களிலும் அதே −54-ஆ? எல்லா இடத்திலும் ஒரே அளவு என்றால் மறுபடி டேப்பைச் சந்தேகிக்கலாம். இல்லையென்றால் அடுத்த கேள்வி, அந்த −54-ஐ எப்படி அளந்தீர்கள்?

---

கடைசிபெஞ்ச்

15-இல் −59, 20-இல் −61. அளந்தது வெளியே வரும் சாம்பிள்களின் ஆர்எம்எஸ்.

---

பழைய சாலிடர்

அப்படியென்றால் ஃபில்டரை விடுங்கள். ஆர்எம்எஸ் எண்ணுக்கு எது 12 மெகாஹெர்ட்ஸ், எது வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. உங்கள் ஜெனரேட்டரோ ஏடிசியின் முன்னால் இருக்கும் ஆம்ப்ளிஃபையரோ கொஞ்சம் ஹார்மோனிக் விடும். 12-இன் நாலாவது ஹார்மோனிக் 48. 50-இல் சாம்பிள் எடுத்தால் அது 2 மெகாஹெர்ட்ஸில் வந்து இறங்கும். 2 உங்கள் பாஸ்பேண்ட். ஃபில்டர் அதைக் கதவைத் திறந்து உள்ளே விடும், விடத்தான் வேண்டும்.

இது என் ஊகம்தான். எஃப்எஃப்டி எடுத்து மீதி இருப்பது 12-இல் நிற்கிறதா 2-இல் நிற்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

---

கடைசிபெஞ்ச்

லேபைப் பூட்டிவிட்டார்கள் அண்ணா. திங்கட்கிழமை எடுத்துப் போடுகிறேன்.

---

சிலிக்கான் சித்தப்பா

2-இல் நிற்கும் என்று ஒரு டீ பந்தயம்.

---

பிட்பொறுக்கி

நான் 12 என்கிறேன். இந்த இழையில் ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டாமா?